பொட்டலத்துக்குள் பனி

மழை பிடித்து இருபது நாள் ஆகியிருந்தது. சமையலறைச் சுவர் வியர்த்தது. ஜாடியில் உப்பு கூழாகிக் கிடந்தது. காப்பிக்கொட்டையை மட்டும் தையல்காரி ஈரம் அண்ட விடவில்லை.

அவள் புருஷன் காப்பிக்கடையில் வறுவல்காரன். ஒவ்வொரு வறுவலிலும் கொஞ்சம் கொட்டையை எடுத்து வைக்க வேண்டும் என்பது முதலாளியின் சட்டம். யாராவது குறை சொன்னால் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும். கடை ஃப்ரிட்ஜைப் பாலுக்காக நாளெல்லாம் திறந்து திறந்து மூடுவார்கள். அதனால் மாதிரிக் கொட்டை அவர்கள் வீட்டு ஃப்ரீசருக்கு வந்தது, பொறுப்பும் அவள் தலையில் விழுந்தது.

பொறுப்பு என்றால் அவளுக்கு உயிர். வறுத்த கொட்டை நாலு நாள் காற்றை வெளியே விட்டு அடங்கட்டும் என்று காத்திருப்பாள். பிறகு ஒரு டம்ளர் காப்பிக்கு ஒரு பொட்டலம் என்று அளந்து ஃபாயில் கவரில் போட்டு, காற்றைப் பிதுக்கி, சீல் வைத்து, தேதி எழுதுவாள். பொட்டலத்தை வெளியே எடுத்தால் சில்லிப்பு முழுக்க விடும்வரை மூடியபடியே மேஜையில் கிடக்கும். அதன் பிறகுதான் கத்தரி. பிரித்ததை மறுபடி உள்ளே வைக்கிற பேச்சே கிடையாது. வீட்டுக் குடிப்புக்கு வேண்டியதைச் சின்னக் காற்றுப்புகா டப்பாவில், ஒரு வாரத்துக்கு மட்டும், வாய்வரை நிரப்பி வைப்பாள். டப்பாவில் இடம் மிஞ்சினால் அங்கே மழைக்காற்று குடியேறிவிடும் என்பாள்.

அன்று அவளுடைய தையல் கம்பெனிக்கு விடுமுறை. மத்தியானம் வறுவல்காரன் வேலை நேரத்திலேயே வீட்டுக்கு வந்தான். உதடு கிழிந்து ரத்தம் உறைந்திருந்தது.

"என்னங்க ஆச்சு?"

அவன் அவள் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினான்.

"பதினெட்டாம் தேதிப் பொட்டலத்துல என்னடி போட்ட? ஈரச் சாக்கு மாதிரி இருக்காம். வாங்குறவர் துப்பிட்டார். எல்லார் முன்னாடியும் முதலாளி என்னை அறைஞ்சார். எதிர்த்து நின்னேன், அந்தாளோட டிரைவர் மூஞ்சியிலயே குத்தினான்."

"நான் சீல் வச்சதை நீங்களும் பாத்தீங்களே."

"ஃப்ரீசர் கதவைத் திறந்து போட்டிருப்ப. ஊர்க்கதை பேசிட்டு நின்னிருப்ப."

இரண்டாவது அடியில் அவள் காது வீங்கியது. மூன்றாவது அடிக்கு அவள் கீழே உட்கார்ந்துவிட்டாள். அவன் இடுப்பில் ஓர் உதை விட்டுவிட்டு, குடையைக்கூட எடுக்காமல் மழையில் இறங்கிப் போனான்.

அவன் முன்பும் கை நீட்டியிருக்கிறான். இரண்டு மாதத்துக்கு முன் கடும் காய்ச்சல் வந்து எழுந்தவனிடம் அது அதிகமாகியிருந்தது. ஒரு வாரமாக அவன் தூக்கத்திலும் பல்லைக் கடித்தான்.

வலித்த இடுப்பைப் பிடித்தபடி அவள் ஃப்ரீசரைத் திறந்தாள். பொட்டலங்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தாள். சீல் ஓரத்தை நறுக்கியிருந்தார்கள், அதன்மேல் மெல்லிய டேப் ஒட்டியிருந்தது. ஒன்றை வெட்டிப் பார்த்தாள். கொட்டையெல்லாம் வெள்ளைப் பனி. சில்லென்ற கொட்டையை இந்த ஈரக் காற்றில் பிரித்தால் அதன்மேல் தண்ணீர் பூக்கும். அப்படியே திரும்ப உள்ளே வைத்தால் அது பனியாகும். இது ஒரு தடவை செய்த வேலை இல்லை. தினமும் யாரோ பிரித்திருக்கிறார்கள். வீட்டுச் சாவி வைத்திருந்தது இரண்டே பேர், அவளும் அவனும்.

மறுநாள் அவள் தையல் கம்பெனியில் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு பதினொரு மணிக்கே கிளம்பினாள். கதவு உள்ளே தாழிடாமல் சாத்தியிருந்தது. செருப்பை வெளியிலேயே கழற்றினாள்.

வறுவல்காரன் ஃப்ரீசர் முன்னால் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். மடியில் கத்தரி, சுற்றிலும் பொட்டலங்கள். ஒன்றைப் பிரித்து மூக்கைக் கவரின் வாய்க்குள் அழுத்தி, நெஞ்சு விரியும்வரை இழுத்தான். கண்ணை மூடிக் காத்திருந்தான். பிறகு அதை டேப் போட்டு ஒட்டிவிட்டு அடுத்ததை எடுத்தான். அடுப்பில் கைப்பிடித் துணி கருகி வீடு முழுக்கப் புகை நெடி அடித்தது. அது அவனுக்குத் தெரியவே இல்லை.

அவள் போய் அடுப்பை அணைத்தாள். அவன் திடுக்கிட்டுத் திரும்பினான்.

"உங்களுக்கு வாசனையே தெரியல," என்றாள். "காய்ச்சல்ல போயிருச்சு, இல்ல?"

அவன் கத்தரியைக் கீழே வைத்தான்.

"அதுக்காக எல்லாத்தையும் பிரிச்சுப் பிரிச்சுப் பாத்தீங்க. பழி மட்டும் எனக்கா? ரெண்டு மாசமா எந்த வறுவலை எப்ப இறக்கினீங்க, நிறத்தைப் பாத்தா?"

"வெளிய சொன்ன, கொன்னுடுவேன்."

"சொல்லத்தான் போறேன்."

அவன் எழுந்த வேகத்தில் பொட்டலங்கள் சிதறின. அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கி, கையை ஃப்ரீசரின் விளிம்பில் வைத்து, கதவை ஓங்கி அறைந்தான். ஏதோ முறிந்தது. ஊசி பிடிக்கிற விரல்கள். அவள் அலறுவதற்குள் அவன் கதவை மறுபடி திறந்தான், இன்னொரு தடவை அறைய.

இடது கைக்கு எட்டியது கையால் சுற்றும் காப்பி அரைக்கும் மிஷின்தான். கெட்டி இரும்பு. அதைப் பிடித்து அவன் முழங்காலில் அடித்தாள். அவன் கால் மடங்கியது. தோளில் அடித்தாள். அவன் அவள் காலை வாரிவிட, இருவரும் கொட்டைமேல் விழுந்து உருண்டார்கள். அவன் கை அவள் கழுத்தைத் தேடிப் பிடித்தது. கண் இருட்டிக்கொண்டு வரும்போது மிஷினை அவன் நெற்றியில் இறக்கினாள். பிடி விட்டது. அவன் முகத்தில் ரத்தம் வழிந்தது. கழுத்தை நெரித்த கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, ஊளைமாதிரி ஒரு குரலில் அழத் தொடங்கினான்.

"ஒண்ணுமே வரல. எதை எடுத்தாலும் வெறும் காத்துதான் வருது."

அவளுக்கு ஒரு கணம் மனசு இளகியது. கீழே பார்த்தாள். தன் வலது கையில் இரண்டு விரல்கள் தப்பான பக்கம் மடிந்திருந்தன. இளகிய மனசு கல்லானது.

"அதை என்கிட்ட சொல்லியிருக்கலாமே. நானே முகர்ந்து சொல்லியிருப்பேனே. நீ அடிச்ச," என்றாள். 'நீ' என்று அவனை அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அவள் போன் செய்ததும் பக்கத்துத் தெருவிலிருந்து அவள் தம்பி ஆட்டோ கொண்டு வந்தான். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு அவன் மாமன்மேல் பாயப் போனான். "அவரைத் தொடாதே, என்னைக் கூட்டிட்டுப் போ," என்றாள் அக்கா. ஆஸ்பத்திரியில் விரலுக்குக் கட்டுப் போட்ட டாக்டர், விழுந்ததா என்று கேட்டார். விழவில்லை என்று சொன்னாள், நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதச் சொன்னாள். அந்தக் காகிதத்தோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள்.

முதலாளியிடமும் அவளே போய்ச் சொன்னாள். அறைந்ததற்காக அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. வறுவல்காரனுக்கு இனி அடுப்புப் பக்கம் வேலை இல்லை, மூட்டை தூக்கட்டும் என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல், "மாதிரிக் கொட்டையை நீயே தொடர்ந்து வச்சுக்கிறியா?" என்று கேட்டார்.

"இனி நான் தம்பி வீட்லதான். அங்கயே வைக்கிறேன். கொட்டையை எடுத்துட்டுப் போக அந்த டிரைவரை மட்டும் அனுப்பாதீங்க."

கோர்ட்டில் வழக்கு நடந்துகொண்டிருந்தபோது, ஒரு நாள் காலையில் வறுவல்காரன் தம்பி வீட்டு வாசலில் வந்து நின்றான். நெற்றித் தழும்பு இன்னும் சிவந்திருந்தது. கையில் மூடி போட்ட பால் பாத்திரம். தம்பி இரும்புக் கம்பியோடு எழுந்தான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இது கெட்டிருக்கான்னு தெரியல," என்றான் அவன், பாத்திரத்தைப் பார்த்தபடி. "முந்தாநாள் எதையோ தின்னு ராத்திரி முழுக்க வாந்தி. யார்கிட்ட கேக்கிறதுன்னும் தெரியல."

அவள் கதவுச் சங்கிலியை எடுக்கவில்லை. இடுக்கு வழியாக மூடியை விலக்கி, குனிந்து முகர்ந்தாள்.

"புளிச்சுப் போச்சு. கொட்டிடு."

அவன் தலையாட்டினான். படியோரம் இருந்த சாக்கடையில் பாலை ஊற்றிவிட்டு, நொண்டியபடி போனான். அவள் கதவைச் சாத்தினாள்.