சிவப்புப் பட்டை, நம்பர் நாற்பத்தொன்று

போர்வெல் ரிக் வைத்திருக்கிறவர்கள் நாமக்கல்லில் மாநாடு போட்டது எண்பத்தாறாம் வருஷம். வாசலில் கைப்பட்டை கட்டுகிற வேலை எனக்கு வந்தது. தார்ப்பாய்க் கடைக்காரனுக்கு மாநாட்டில் என்ன வேலை என்று கேட்டார்கள். தார்ப்பாயில் கயிறு கோக்கிற ஓட்டைக்குப் பித்தளைக் கண்ணு அடிக்கிற மிஷின் ஊரில் என்னிடம் ஒன்றுதான் இருந்தது. அதற்கு மேல் தகுதி எதுவும் எனக்குக் கிடையாது.

டிக்கெட் மூன்று வகை. மஞ்சள் பட்டைக்குக் கண்காட்சித் திடல் மட்டும். பச்சைக்குத் திடலோடு கூட்டப் பந்தலும் உண்டு. சிவப்புக்கு எல்லாமே உண்டு, கடைசியில் இருந்த தகரக் கொட்டகை உள்பட. கொட்டகையில்தான் வடநாட்டுக் கம்பெனிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ராஜஸ்தானில் போர் போடும் ஆர்டர் அங்கேதான் பிரிபடும். காலை பத்து மணிக்குள் நேரில் பெயர் கொடுத்தவருக்கே ஆர்டர். சிவப்பு மொத்தம் அறுபது. நாலு நாள் முன்பே தீர்ந்துவிட்டது.

பட்டை கித்தான் துணி. இரண்டு முனையிலும் ஒரே நம்பர் அச்சடித்திருக்கும். வலது மணிக்கட்டில் சுற்றி, ஒரு விரல் மட்டும் நுழையும்படி இறுக்கி, கண்ணு அடித்துவிடுவேன். மிச்ச வாலை நறுக்கி, நோட்டில் பேருக்கு எதிரே ஒட்டிக்கொள்வேன். வெட்டாமல் கழற்ற முடியாது. வெட்டினால் அது செல்லாது. பழைய பட்டையைக் கொண்டுவந்து நோட்டில் உள்ள வாலோடு பொருத்திக் காட்டினால், அதே கைக்குரியவருக்குப் புதுசு கட்டுவேன்.

நாற்பத்தொன்றாம் நம்பர் சௌந்திரத்துடையது. கணவர் செத்த பிறகு அவருடைய ரிக்கைத் தானே ஓட்டிக்கொண்டிருந்தாள். ஆர்டர் கிடைக்காவிட்டால் அந்த ரிக் மழைக்காலம் முழுக்கக் கொட்டாயில் துருப்பிடிக்கும், அவளும்தான். கட்டும்போது, "இறுக்கிக் கட்டுங்க அண்ணா, இது கழண்டா என்ற பொழப்பும் கழண்டுரும்" என்றாள்.

பின்னால் நின்ற அவளுடைய கொழுந்தன் சின்னுசாமி சிரித்தான். "தாலி அறுத்த கைக்குச் சிவப்பு வளையலாக்கும்!"

அவனிடமும் ஒரு ரிக் இருந்தது. போன வாரம் என் கடைக்கு வந்து சிவப்புக்குப் பேரம் பேசினான். எதற்கும் பாதி விலைதான் கேட்பான். குறைக்க எனக்கு அதிகாரமில்லை என்றதும் பச்சை வாங்கிக்கொண்டு போனான். ஆர்டர் கொட்டகைக்குள்தான் என்று தெரிந்தபோது சிவப்பு தீர்ந்திருந்தது.

அன்று ஒன்பது மணிக்குத் திடலில் பெரிய கம்ப்ரஸர்களை ஓட்டிக்காட்ட ஆரம்பித்தார்கள். பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் கேட்காது. அந்தச் சத்தத்துக்குள் சின்னுசாமியும் அவனுடைய ஆட்கள் இருவரும் சௌந்திரத்தைத் தங்கள் லாரிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

ஒருவன் கழுத்தை அமுக்கினான். இன்னொருவன் முழங்கையை இறுக்கிக்கொண்டான். வெட்டினால் செல்லாது என்பது சின்னுசாமிக்குத் தெரியும். அதனால் ரிக்குக்காரன் புத்தி வேலை செய்தது. மாட்டிக்கொண்ட பேரிங்கைக் கழற்றுகிற மாதிரி அவள் கையில் கிரீஸ் பூசினான். பட்டை கட்டைவிரல் முட்டியில் நின்றது.

"நங்கையா, கையை ஒடுக்கு. இல்லீன்னா நானே ஒடுக்கிருவேன்." அண்ணி முறை மட்டும் தவறவில்லை.

"த்தூ!" என்று அவன் முகத்தில் துப்பினாள்.

கட்டைவிரலைப் பிடித்துப் பின்னால் மடக்கினான். முட்டி படக்கென்று போனது. பட்டை வழுக்கிக்கொண்டு வந்தது. வயிற்றில் ஓர் உதை விட்டு, அவளை டயருக்கடியில் போட்டுவிட்டுப் போனார்கள்.

ஆனால் ஒரு தண்டிலிருந்து கழற்றிய பேரிங், பருத்த தண்டில் ஏறாது. வால் நறுக்கிய பட்டை அவள் மணிக்கட்டு அளவுதான் இருந்தது. சின்னுசாமியின் கையோ உலக்கை. கடைசியில் கண்ணுக்குப் பக்கத்தில் வெட்டி, தன் பச்சைப் பட்டையின் மேலேயே சுற்றி, இடைவெளியை மறைக்கக் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டான்.

கொட்டகை வாசலில் மாதையன் நின்றான். எங்கள் கடையில் மூட்டை தூக்குகிறவன். வாசலுக்கு நான்தான் அவனை நிறுத்தியிருந்தேன்.

"கைக்குட்டைய அவுருங்க."

"அடிபட்டிருக்குது. நம்பரு தெரியுதல்ல, நாப்பத்தொண்ணு. உடு."

"நம்பரு தெரியுதுங்க. கண்ணு தெரியலயே. இழுத்துப் பாக்காம நானு உடமாட்டனுங்க."

"மூட்டை தூக்கற நாயி, என்ற கையவா இழுக்கற?"

சின்னுசாமி இடுப்பிலிருந்து ஸ்பேனரை எடுத்து வாயிலேயே அடித்தான். இரண்டு பல் தெறித்து விழுந்தது. மாதையன் விழவில்லை. பற்றிய கையை விடாமல், தலையால் சின்னுசாமியின் மூக்கை முட்டினான். ஸ்பேனர் மறுபடி இறங்கித் தோளில் பட்டது. இருவரும் மூங்கில் தடுப்போடு சாய்ந்தார்கள். ஆட்கள் இருவரும் மாதையனை மிதித்தார்கள். வரிசையில் நின்ற முதலாளிகள் அவர்களை மிதித்தார்கள். நியாயத்துக்காக அல்ல, வரிசை நின்றுபோனதற்காக.

பட்டையில் சந்தேகம் வந்தால் வெட்டுகிறது என் பொறுப்பு. தார்ப்பாய்க் கத்திரியோடு ஓடினேன். நான் போகும்போது மாதையன் சின்னுசாமியின் நெஞ்சில் உட்கார்ந்து, அவன் வலது கையைத் தரையோடு முழங்காலால் அழுத்தியிருந்தான்.

அப்போது சௌந்திரம் வந்தாள். முகமெல்லாம் மண். வலது கை வீங்கிப்போய், கட்டைவிரல் போகக் கூடாத பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

"மணி என்னங்க?"

"பத்தடிக்கப் பன்னெண்டு நிமிசம்."

"எனக்குப் புதுப்பட்டை கட்டுங்க."

"பழசு வேணுமே, ஆத்தா. அதில்லாமக் கட்டினா ஒரே நம்பர்ல ரெண்டு பேரு உள்ள போயிருவாங்க" என்றேன். அந்த நேரத்திலும் விதி பேசிய வாய் இது.

அவள் என்னோடு வழக்காடவில்லை. என் கையிலிருந்த கத்திரியை இடது கையால் பிடுங்கினாள். குந்தி உட்கார்ந்து, சின்னுசாமியின் மணிக்கட்டில் கைக்குட்டைக்கு அடியில் முனையை நுழைத்தாள்.

"ஆட்டாத, சின்னுசாமி. எனக்கு இது பழகாத கை."

அவன் ஆட்டினான். கத்திரி துணியையும் வெட்டியது, சதையையும் வெட்டியது. ரத்தம் என் வேட்டிவரை பாய்ந்தது. அறுபடுகிற பன்றி மாதிரி கத்தினான். அவள் நிறுத்தவில்லை. இன்னும் இரண்டு தரம் அழுத்தினாள். கைக்குட்டை, பச்சை, சிவப்பு எல்லாம் ஒன்றாகக் கையில் வந்தன. சிவப்பை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை அவன் முகத்தில் போட்டாள்.

என் மேஜைக்கு அவளைக் கூட்டிவந்து நோட்டை விரித்தேன். வாலும் பட்டையும் பொருந்தின. நம்பரும் சரி, நறுக்கிய கோணமும் சரி. பழசை அடித்துவிட்டு, அதே நம்பரில் மறுபட்டை என்று முத்திரை குத்தினேன். வலது கை உதவாது என்று இடது கையில் கட்டிக் கண்ணு அடித்தேன். 

கொட்டகை வாசலில் மாதையன், வாயில் துண்டை அமுக்கிக்கொண்டு, மறுபடி நின்றிருந்தான். அவள் பட்டையைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். நம்பரைப் பார்த்தான்.

"என்னையுமாடா?" என்றாள்.

"எல்லாத்தையுந்தாங்க" என்று ரத்தம் துப்பிவிட்டு வழிவிட்டான்.

பத்தடிக்க மூன்று நிமிஷம் இருந்தபோது பட்டியலில் கடைசிப் பேராகச் சௌந்திரம் ஏறினாள். கையெழுத்துக்குப் பதில் இடது பெருவிரலை வைத்தாள். "எழுதத் தெரியாதா?" என்று கம்பெனிக்காரர் கேட்டதற்கு, "தெரியுமுங்க, இன்னிக்குக் கையிக்கு லீவு" என்றாளாம். எழுபது போர் கிடைத்தது.

ஆஸ்பத்திரிக்கு மூவரையும் என் வேனில்தான் ஏற்றினேன். மாதையன் முன்னால். பின்னால் எதிரெதிர் பெஞ்சில் அவளும் அவனும். சின்னுசாமி துண்டு சுற்றிய கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "கேசு போடுவேன்" என்று முனகினான்.

"போடு. என்ற விரலையும் அதே கேசுல சேத்துக்கோ" என்றாள் சௌந்திரம்.  சந்தைப்பேட்டை தாண்டியதும் அவளே தொடங்கினாள். "எழுபது போரு ஒரு ரிக்குல முடியாது. உன்ற ரிக்கு சும்மாத்தான நிக்கப்போவுது? வாடகைக்கு உடறியா?"

 அவன் துண்டிலிருந்து ரத்தம் சொட்டியது.

"தோண்டற அடிக்கு என்ன தருவ?"

"நடப்பு ரேட்டுல பாதி" என்றாள். "பேரம் கிடையாது."