ஐந்து மணிக்கு மேல் வாங்கப்பட மாட்டாது

செல்லதுரையின் மெயிலில் சிவப்பு எழுத்து வந்துவிட்டால் பொங்கல் நெருங்கிவிட்டது என்று அந்த ஆலையில் அர்த்தம். அரியலூருக்கு வெளியே சுண்ணாம்புக்கல் தூசிக்கு நடுவில் இருந்த சிமெண்ட் ஆலைக்கு அவர்தான் பைனான்ஸ் மேனேஜர். பெரம்பலூர்க்காரர். ஆள் கெட்டவரில்லை, கடிகாரத்தை மட்டும் கொஞ்சம் அதிகமாக நம்புகிறவர்.

இப்போதைய வரி முறையெல்லாம் வருவதற்கு முந்தைய கதை இது. மருத்துவ பில்லைக் காட்டினால் வருஷத்துக்குப் பதினைந்தாயிரம் வரை வரி கிடையாது என்று இருந்த காலம். ஜனவரி முதல் வாரத்தில் செல்லதுரை எல்லோருக்கும் ஆங்கிலத்தில் ஒரு மெயில் தட்டுவார். சுற்றி வளைத்து அது சொல்வது இதுதான்: எல்.ஐ.சி. ரசீது, பி.எஃப். பாஸ்புக், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், வீட்டு வாடகை ரசீது, மருத்துவ பில், பயண பில், எதுவானாலும் ஜனவரி இருபத்திரண்டு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அக்கவுண்ட்ஸ் பிரிவில் அம்சவள்ளியிடம் கொடுத்துவிட வேண்டும். வருஷ ஆரம்பத்தில் ‘போடுவேன், கட்டுவேன்’ என்று எழுதிக் கொடுத்த வாக்குறுதியெல்லாம் அதற்குப் பிறகு செல்லாது. ஆதாரம் இல்லாத தொகைக்கு பிப்ரவரி, மார்ச் சம்பளத்தில் வரி பிடிக்கப்படும். கடைசி வரி மட்டும் சிவப்பில் இருக்கும்: ஐந்து மணிக்கு மேல் வாங்கப்பட மாட்டாது, யாராக இருந்தாலும்.

அந்த ‘யாராக இருந்தாலும்’ என்ற சொல்லுக்குப் போன வருஷம் பலியானவர் சாமிதுரை. எலெக்ட்ரிக்கல் சூப்பர்வைசர். மனைவிக்கு அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் செய்து, பில்லெல்லாம் திருமானூர் வீட்டில் கிடந்தன. கடைசி நாளன்று லீவு போட்டுப் போய் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். ஆலைக்கு முன்னால் இருக்கும் ரயில்வே கேட் மூடிக்கொண்டது. ஐந்து பத்துக்கு வியர்க்க விறுவிறுக்க வந்து நின்றவரிடம் செல்லதுரை சிரித்துக்கொண்டே சொன்னார்.

“கேட்டு தினமும்தான் மூடுது சாமிதுரை. அதுக்குத் தகுந்தாப்புல முன்னாடியே கெளம்ப வேண்டாமா?”

பில் ஏறவில்லை. மருத்துவப் பணம் மார்ச்சில் வரி பிடித்துக்கொண்டுதான் கைக்கு வந்தது. இந்த வருஷம் சாமிதுரை மெயில் வந்த மறுநாளே பில்களை நூல் போட்டுக் கட்டி அம்சவள்ளி மேஜையில் வைத்துவிட்டார். கேட்டவர்களிடம், “சூடு கண்ட பூனைங்க நானு” என்றார்.

எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. வந்த வினை செல்லதுரைக்கே வந்தது.

அதுவரை கம்பெனி குவார்ட்டர்சில் இருந்தவர், போன ஏப்ரலில்தான் ஊருக்குள் வாடகை வீட்டுக்கு வந்திருந்தார். மாதம் எட்டாயிரம். வீட்டுக்காரம்மா உண்ணாமலை நான்கு பசு வைத்துப் பால் ஊற்றுகிறவர், மாடிப் பகுதியை இவர்களுக்கு விட்டிருந்தார். வாடகையை ரொக்கமாகத்தான் வாங்குவார். “பேங்குல போட்டா அதை எடுக்கப் போய் நிக்க எனக்கு நேரமில்லீங்க, மாடு கத்தும்” என்பார். வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டாததால் அந்தம்மாவின் பான் நம்பர் தேவையில்லை. ஏப்ரல் முதல் ஜனவரி வரை பத்து ரசீது போதும், மீதி இரண்டு மாதத்துக்கு இதே வாடகைதான் என்று இவரே எழுதிக் கொடுத்துவிடலாம். ஐயாயிரத்துக்கு மேல் ரொக்கம் என்பதால் ஒவ்வொரு ரசீதிலும் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி, அதன் மேல் வீட்டுக்காரர் கையெழுத்து. ஊருக்கெல்லாம் இதைப் பாடமாக நடத்தியவர், தன் ரசீதைப் பத்து மாதமாக ‘வாங்கிக்கலாம், வாங்கிக்கலாம்’ என்று விட்டிருந்தார். வைத்தியர் வீட்டுப் பிள்ளைக்குத்தான் சளி விடாது.

வியாழக்கிழமை சாயங்காலம் ரசீதுகளை எழுதி, ஸ்டாம்பை ஒட்டி எடுத்துக்கொண்டு கீழே போனார். தவிட்டைப் பிசைந்துகொண்டிருந்த உண்ணாமலை, ஸ்டாம்பைப் பார்த்ததும் கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்.

“இதுல கையெழுத்தா? ஐயோ, அது மட்டும் நம்மால ஆவாதுங்க.”

“வாடகை ரசீதுங்க அது. நான் குடுத்த பணத்துக்குத்தான்.”

“எங்க அண்ணனும் இப்படித்தான் ஸ்டாம்பு மேல ஒரு கையெழுத்து போட்டுச்சு. ப்ரோ நோட்டுன்னு சொல்லி ரெண்டு காணி கரும்புக் கொல்லை போயிடுச்சு. ஸ்டாம்பு இல்லாம எத்தனை காயிதம் வேணும்னாலும் குடுங்க, போடறேன். ஸ்டாம்புன்னா வேண்டாம்.”

செல்லதுரை வருமான வரிச் சட்டத்தை விளக்கினார். உண்ணாமலை மாட்டுக்குத் தவிடு வைத்தார். மாடு தின்று முடித்தது, சட்டம் முடியவில்லை. கடைசியில் மாடிப்படியிலிருந்து எட்டிப் பார்த்த செல்லதுரையின் மனைவி கண்ணகிதான், “அக்கா, உங்களுக்குப் பயமா இருந்தா அவருகிட்டயும் ஒண்ணு எழுதி வாங்கிக்குங்களேன்” என்றாள்.

உண்ணாமலை யோசித்தார். “அது சரி. எங்க பொண்ணு பெரம்பலூர் காலேஜிலேருந்து நாளைக்கு நாலு மணிக்கு வருவா. அவ படிச்சுச் சொல்லட்டும், போடறேன். ஆனா நாலே முக்காலுக்கெல்லாம் நான் பால் கறக்க ஒக்காந்துடுவேன். அதுக்கு மேல வந்தா கெடையாதுங்க.”

யாராக இருந்தாலும் என்பதை மட்டும்தான் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கே பர்மிஷன் போட்டுவிட்டு செல்லதுரை ஸ்கூட்டரை எடுத்தார். பத்து நிமிஷ தூரம். நாலரைக்குள் திரும்பிவிடலாம் என்று கணக்கு. பெண் நாலு மணி ஐந்து நிமிஷத்துக்கு வந்தாள். முகம் கழுவினாள். பிறகு ஏப்ரலிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு ரசீதையும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை உரக்கப் படித்தாள். எல்லாவற்றிலும் மாதப் பெயரைத் தவிர ஒரே வாசகம்தான் என்று செல்லதுரை சொன்னபோது, “இருக்கட்டும் சார், கேட்டுக்கறேன்” என்றார் உண்ணாமலை. படித்து முடித்த ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டு, அதற்குப் பக்கத்தில் ‘வாடகை மட்டும்’ என்று எழுதினார். முதியோர் கல்வியில் கற்ற எழுத்து. ஒவ்வொரு எழுத்தையும் கோலம் போடுகிற மாதிரி இழுத்து, சரியாக இருக்கிறதா என்று தள்ளி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனார். அவசரப்படுத்த செல்லதுரைக்கு வாய் வரவில்லை. அவ்வளவு கவனமாக ஒருவர் கையெழுத்துப் போட்டு அவர் பார்த்ததே இல்லை.

பிறகு அவர் முறை. ‘இந்தப் பத்து ரசீதையும் வாடகைக்குத் தவிர வேறு எதற்கும் பயன்படுத்த மாட்டேன்’ என்று பெண் எழுதிய தாளில் உண்ணாமலையே ஒரு ஸ்டாம்பை ஒட்டி நீட்டினார். பைனான்ஸ் மேனேஜர் பவ்யமாகக் கையெழுத்துப் போட்டார். மணி நாலு நாற்பத்து நான்கு. உண்ணாமலை சொம்பை எடுத்துக்கொண்டு மாட்டிடம் போனார்.

ஸ்கூட்டர் பறந்தது. ரயில்வே கேட் மூடியிருந்தது.

முன்னால் சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாக நின்றன. கூட்ஸ் வண்டி ஒன்று வந்தது, அதற்கு முடிவே இல்லை போலிருந்தது. செல்லதுரை ஒவ்வொரு பெட்டியாக எண்ணினார். நாற்பதுக்கு மேல் எண்ண மனம் ஓடவில்லை. போன வருஷம் இதே இடத்தில் பஸ்ஸுக்குள் ஆபரேஷன் பில்லைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு மனுஷன் உட்கார்ந்திருந்தான், அவனிடம் நாம் சிரித்துக்கொண்டே பேசினோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் கேட் திறந்த பிறகும் கூடவே வந்தது.

அம்சவள்ளியின் மேஜைக்கு முன் அவர் நின்றபோது மணி ஐந்து நான்கு. அம்சவள்ளி ஏற்கனவே பதிவேட்டில் கடைசிப் பெயருக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டிருந்தாள். அந்தக் கோடு போடச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். பக்கத்தில் சாமிதுரை ஒரு டியூப் லைட்டை மாற்றிக்கொண்டு ஏணி மேல் நின்றார். மாற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

“சார்,” என்றாள் அம்சவள்ளி மெல்ல. “நாலு நிமிஷம்தானுங்களே. கோட்டுக்கு மேல ஒரு வரி எழுதற அளவு இடம் இருக்கு.”

எழுதியிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், ஆனால் அடுத்த வருஷச் சிவப்பு எழுத்தை யாரும் மதித்தும் இருக்க மாட்டார்கள். செல்லதுரை அண்ணாந்து ஏணியைப் பார்த்தார்.

“வேண்டாம்மா. எனக்கு ஜூலையில ரிட்டர்ன் போடறப்ப வாடகைக்குக் கழிச்சுக்கிட்டுப் பிடிச்ச வரியைத் திரும்ப வாங்கிக்கலாம். மருத்துவ பில்லுக்கு அந்த வழியும் கெடையாது. அந்தாளுக்குப் போனது போனதுதான்.” பிறகு சத்தமாகவே சொன்னார். “சாமிதுரை, போன வருஷம் நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுப்பா. தப்பு.”

சாமிதுரை டியூப் லைட்டை மாட்டினார். அது இரண்டு தடவை மினுக்கிவிட்டு எரிந்தது.

“விடுங்க சார். கேட்டு மூடினா எல்லாருக்கும்தானே மூடுது” என்றபடி இறங்கினார். “வாங்க, டீ என் கணக்குல.”

அன்று ஆறு மணிக்குள் எல்லோருக்கும் ஒரு மெயில் போயிற்று. பைனான்ஸ் மேனேஜரின் வாடகை ரசீது ஐந்து நான்குக்கு வந்ததால் வாங்கப்படவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து கடைசி நாளன்று மதியத்துக்குள் போன் செய்து காரணம் சொல்கிறவர்களுக்கு மட்டும் மறுநாள் காலை பத்து மணி வரை நேரம் உண்டு. சிவப்பு எழுத்து இதிலும் இருந்தது. அதை அச்செடுத்து எலெக்ட்ரிக்கல் ரூம் சுவரில் சாமிதுரை ஒட்டியதாகக் கேள்வி.

ராத்திரி சாப்பாட்டுக்கு முன் விஷயம் உண்ணாமலைக்கு எட்டிவிட்டது. கண்ணகி இருக்கும்போது எட்டாமல் இருக்குமா? அந்தம்மா நேராக மாடிக்கே வந்து கையை நீட்டினார்.

“ஆபீசுல வாங்கலையாமே. அப்பறம் எதுக்கு உங்ககிட்ட? குடுங்க, ஸ்டாம்பு சும்மா கெடக்கக் கூடாது.”

“இல்லீங்க, அது என்கிட்ட இருக்கணும். ரிட்டர்ன்ல காட்டப் போறேன். பின்னாடி வருமான வரி ஆபீசுல எப்ப வேணும்னாலும் கேப்பாங்க.”

“கேக்கட்டுமே. எங்க பெட்டியில பத்திரமா இருக்கும். இங்க வந்து பாத்துக்கச் சொல்லுங்க.” பத்து ரசீதையும் வாங்கி எண்ணிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு இரண்டு படி இறங்கியவர், ஏதோ நினைவு வந்தவராகத் திரும்பினார்.

“ஆனா நாலே முக்காலுக்குள்ள வரச் சொல்லிடுங்க சார். அதுக்கு மேல வந்தா யாராயிருந்தாலும் கெடையாது.”