மூன்றாம் பக்கத்து அறிவிப்பு

இதைப் படிக்கிறவள் நாளைக் காலையில் என்ன செய்ய வேண்டும்? ஒன்றும் செய்ய வேண்டாம் என்றால், இது எதற்காக மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது? கைதட்டத்தான் என்றால் கைதட்டலுக்கு என்ன அவசரம்? அடுத்த மாதம் தட்டினாலும் அதே சத்தம்தானே வரும்?

இப்படித் தனக்குள் கேட்டுக்கொண்டே அவள் புது ஸ்கேன் பிரிவின் திறப்பு விழாச் செய்தியைப் பிடித்துக் கீழே இழுத்தாள். திரையில் அது முனகாமல் இறங்கியது. மனிதர்களும் இப்படி இறங்கினால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த மருத்துவமனையின் பணியாளர் பிரிவில் அவளுக்குப் பல வேலைகள். அதில் ஒன்று மாதாமாதம் வரும் பணியாளர் மடல். மடல் எல்லோருடைய கைபேசிக்கும் போகும். அச்சடித்த பிரதி, விரல் வைத்து வருகை பதியும் இயந்திரத்துக்குப் பக்கத்துப் பலகையில் ஒட்டப்படும். ஷிப்ட் மாறும் நேரத்தில் அங்கே வரிசை நிற்கும். தன் முறை வரும்வரை நின்றவாக்கில் எவ்வளவு படிக்க முடியுமோ அவ்வளவுதான் ஒருவர் படிப்பது. கைபேசியிலும் முதல் திரையில் தெரிவதோடு சரி. இதெல்லாம் அவளுக்கு முன்பே தெரியாதது அல்ல. தெரிந்திருந்தும் அதை வைத்து எதுவும் செய்யத் தோன்றாமல் இருந்தது, அவ்வளவுதான்.

பழைய மடலில் செய்திகளின் வரிசை, அவற்றை அனுப்பியவரின் நாற்காலியைப் பொறுத்தது. இயக்குநரின் வாழ்த்துரை முதலில். பிறகு பெரிய மருத்துவர்கள் போய் வந்த மாநாடுகள், விருதுகள், விளையாட்டு விழாப் படங்கள், பிறந்தநாள்கள். யார் எங்கே எந்தத் தேதிக்குள் போக வேண்டும் என்பதெல்லாம் மூன்றாம் பக்கத்தின் அடியில், சட்டியின் அடியில் ஒட்டிக்கொண்ட சோறு மாதிரி.

அந்த அடியில்தான் ஆறு மாதத்துக்கு முன்னால் ஓர் அறிவிப்பு வந்தது. தலைப்பு, 'பணிநேர ஒதுக்கீட்டு நெறிமுறைகள் - ஆறாவது சுற்றறிக்கை'. தட்டச்சு செய்தவள் அவள்தான். வீட்டில் படுத்த படுக்கையாக யாராவது இருந்தால், அவரைப் பார்த்துக்கொள்ளும் பணியாளர் ஆறு மாதத்துக்குப் பகல் ஷிப்ட் மட்டும் கேட்டு வாங்கலாம் என்பதுதான் அதன் சாரம். அது நான்காவது வரியில் இருந்தது. கடைசித் தேதி ஆறாவது வரியில்.

அவளுடைய அண்ணி அதே மருத்துவமனையில் வார்டு உதவியாளர். அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து வருடம் ஒன்று ஆகியிருந்தது. மகன் தொலைதூரத்தில் வேலை பார்த்தான். அண்ணி அந்தப் பலகையின் முன்னால் தினம் நின்றாள். தலைப்பைப் பார்த்தும் இருக்கிறாள். "நெறிமுறைன்னா நர்சுங்களுக்குன்னு நெனச்சேன்மா" என்று பிறகு ஒரு தடவை சொன்னாள், ஒரே ஒரு தடவை. விஷயம் தெரிந்து அண்ணி போய்க் கேட்டபோது தேதி முடிந்திருந்தது. அடுத்த சுற்று ஆறு மாதம் கழித்து என்றார்கள். அண்ணன் அவ்வளவு நாள் காத்திருக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுத் தூங்கப் போன ஓர் இரவில், கட்டிலுக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்கும் நடுவே தரையில் விழுந்து கிடந்தார். காலையில் சீருடையோடு வந்து கதவைத் திறந்தவள் அண்ணி.

யாரும் தங்கையைக் குறை சொல்லவில்லை. அது ஒரு பாரம். 'நீ அங்கேதானே இருக்க, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா' என்று யாராவது கேட்டிருந்தால் அழுது தீர்த்திருப்பாள். கேட்காத கேள்விக்கு எங்கே போய்ப் பதில் சொல்வது?

அதனால் மடலைக் கலைத்து அடுக்கினாள். மேலாளரிடம் மூன்று தடவை போய் நின்றாள். எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்பதால் அவருக்குப் பார்க்கலாம் சார் என்றே பெயர். மூன்றாம் தடவை அவர் "சரி, செஞ்சுதான் பாரேன்" என்றார். அவரைப் பொறுத்தவரை அது பெரிய புரட்சி.

புது மடலில் மூன்று பிரிவுகள். முதலில், செய்ய வேண்டியவை. எந்தத் தேதி முன்னால் வருகிறதோ அது முன்னால். ஒவ்வொன்றும் யாருக்கு என்ற சொல்லோடு தொடங்கும். என்ன செய்ய வேண்டும், எங்கே, எதற்குள், தவறினால் என்ன ஆகும். அதற்கு அடுத்தது, மாறியவை. மருந்துக் கிடங்கின் நேரம், மூடிய படிக்கட்டு போன்றவை. எதுவும் செய்ய வேண்டாம், ஆனால் தெரியாவிட்டால் வீண் நடை. கடைசியில்தான் மகிழ்ச்சிகள், வாழ்த்துகள், படங்கள்.

மாதிரிப் பிரதியை எடுத்துக்கொண்டு போய் ஆட்களிடம் கொடுத்துப் பார்த்தாள். "நல்லா இருக்கா?" என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் எல்லோரும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். "இதுல உங்களுக்கு என்ன வேலை இருக்கு, சொல்லுங்க" என்றாள்.

வாசல் காவலாளி கண்ணாடியை மூக்குநுனிக்குத் தள்ளிப் படித்தார். "எனக்கு ஒரு வேலையும் இல்ல தாயி. இப்படி ஒரு நல்ல சேதி இந்த ஆபீஸ்லருந்து வந்ததே இல்ல."

ஆய்வகத்துப் பெண் இரண்டாவது செய்தியிலேயே நின்றாள். "ஐயையோ, மஞ்சள் காமாலை ஊசி மூணாவது டோஸ் நான் இன்னும் போடலக்கா. அடுத்த வெள்ளிக்கிழமையோட முடியுதா?" என்று அங்கிருந்தே ஊசி அறைக்குப் போனாள்.

எல்லாவற்றுக்கும் மேலே முதல் செய்தியாக இருந்தது இதுதான்: 'வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள்: பகல் ஷிப்ட் மட்டும் வேண்டுமானால் வியாழக்கிழமைக்குள் பணியாளர் பிரிவில் எழுதிக் கொடுங்கள். எந்தப் பிரிவில் வேலை செய்பவரும் கேட்கலாம். தவறினால் அடுத்த வாய்ப்பு ஆறு மாதம் கழித்து.'

ஆறு மாதம் முடிந்து அடுத்த சுற்று வந்துவிட்டிருந்தது. அதைக் கேட்க வேண்டியவர்கள் இந்த முறையும் யாரோ சிலர் இருப்பார்கள். அவர்களுடைய முகம் அவளுக்குத் தெரியாது. ஒருவேளை தினமும் மாடிப்படியில் பார்க்கிற முகமாகவும் இருக்கலாம்.

சனிக்கிழமை மாலை பார்க்கலாம் சார் அவளைக் கூப்பிட்டார். முகம் மலர்ந்திருந்தது. "உன் அண்ணிக்கு இந்த வருஷத்து அர்ப்பணிப்பு விருதும்மா. டைரக்டரே பேரைச் சொன்னார். நல்ல போட்டோ ஒண்ணு வாங்கிட்டு வா."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நன்றியால் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் அண்ணி வீட்டுக்குப் போனாள். அண்ணி தரையில் உட்கார்ந்து தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தாள். கட்டிலைக் காணோம். அது இருந்த இடத்தில் சுவரின் சுண்ணாம்பு மட்டும் புதிதாக, வெளுப்பாக இருந்தது.

"கட்டில் எங்கே அண்ணி?"

"குடுத்துட்டேன். அதுபாட்டுக்கு நின்னு என்னைப் பாத்துட்டே இருந்துச்சு." அண்ணி உறையை உதறினாள். "சாப்பிட்டியா? முகம் ஏன் இப்படி வத்திக் கெடக்கு? உன் வீட்டுக்காரர் இன்னும் சமைக்கிறேன்னு கெளம்பறாரா?"

"ஆமா அண்ணி. அதான் வத்திக் கெடக்கு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரம் முடிந்துவிட்டது. அவள் விருதைச் சொன்னாள். அண்ணியின் கை நின்றது.

"எனக்கா? எதுக்கு?"

"ஒரு நைட் ஷிப்ட்கூட விடாம வந்தீங்களாம்."

"அதுவா." அண்ணி அடுத்த உறையை எடுத்தாள். "இப்பவும் நைட்டையேதான் கேட்டு வாங்கிக்கிறேன். இங்க ராத்திரி இருக்க முடியலம்மா. அங்கன்னா யாராவது தண்ணி குடுன்னு கூப்பிடுவாங்க. எழுந்து போய்க் குடுக்கலாம்."

அவளும் ஓர் உறையை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணி கேட்டாள். "என்னன்னு எழுதுவாங்க? அந்த ராத்திரியப் பத்தியும் எழுதுவாங்களா?"

"தெரியல அண்ணி."

"நான் பகல் ஷிப்ட் கேட்டேன், கெடைக்கலன்னு எழுதுவாங்களா?"

அந்தக் கேள்வியில் கோபம் இல்லை. விலை விசாரிக்கிற குரல். அதுதான் அவளை அறுத்தது. ஒரு மனுஷி ஆசைப்பட்டு ராத்திரியெல்லாம் நின்ற மாதிரியும், அதற்கு மாலை போடுகிற மாதிரியும் ஒரு கதை எங்கோ ஓர் அறையில் தயாராகிக்கொண்டிருந்தது. கதையின் நாயகிக்கே அதில் என்ன இருக்கிறது என்று தெரியாது.

அண்ணி எழுந்து போய் ஒரு படம் கொண்டுவந்தாள். அண்ணனும் அவளும் ஸ்டூடியோவில் எடுத்தது. "நான் நல்லா இருக்கிறது இது ஒண்ணுதான். அவரை வெட்டிட்டு என்னை மட்டும் போடுவாங்களோ?"

"வெட்டணும்னா எடுத்துட்டுப் போகல அண்ணி."

"எடுத்துட்டுப் போ. போட்டா போடட்டும், போடாட்டி போகட்டும். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

ஒன்றுதான் என்று சொன்னவள், விரலால் படத்தின் மேலிருந்த தூசியை இரண்டு தடவை துடைத்தாள். அவளுக்கும் ஆசை இருக்கிறது. இத்தனை வருடத்தில் அவள் படத்தை யார் அச்சடித்தார்கள்? அந்த ஆசையை மறுக்கத் தனக்கு என்ன உரிமை என்று தங்கை வழியெல்லாம் யோசித்தாள். பேருந்து அவளுடைய நிறுத்தத்தைத் தாண்டிப் போனதுகூடத் தெரியவில்லை.

திங்கட்கிழமை பார்க்கலாம் சார் அவளுடைய மேசைக்கே வந்தார். அது அபூர்வம். கையில் இயக்குநர் அறையிலிருந்து வந்த தாள்.

"முதல் பக்கம், முழு அகலம். தலைப்பு டைரக்டரே குடுத்துட்டார்." படித்துக் காட்டினார். "'கணவர் உயிர் பிரிந்த இரவிலும் கடமையில்!' எப்படி?"

அவள் திரையையே பார்த்தாள். "அந்த இடத்துல பகல் ஷிப்ட் அறிவிப்பு இருக்கு சார்."

"மூணாம் பக்கம் தள்ளு. வியாழக்கிழமைவரைக்கும் நாள் இருக்கே."

"மடல் போறதே இன்னிக்குத்தான் சார். நைட் ஷிப்ட்காரங்க பாக்கவே நாளைக் காலையில ஆயிடும்."

"ஒரே ஒரு இதழ்மா. அடுத்த மாசத்துலருந்து உன் வரிசைப்படியே வெச்சுக்கோ. உன் குடும்பத்துக்குத்தானே பெருமை? வேற யாராவது இருந்தா கால்ல விழுந்து போடச் சொல்லுவாங்க."

"சார், இதைப் படிச்சுட்டு ஒருத்தர் என்ன செய்யணும்?"

"என்ன செய்யணும்னா? பெருமைப்படணும்." அவர் குரலில் நிஜமான குழப்பம் இருந்தது. கெட்டவர் அல்ல. அண்ணனின் இறுதிச் சடங்குக்கு வந்து கடைசிவரை நின்றவர். அதனாலேயே அவரிடம் பேசுவது கஷ்டமாக இருந்தது.

"விருது கடைசிப் பிரிவுல வரும் சார். அவங்க பேரு, வார்டு, எத்தனை வருஷ சர்வீஸ், படம், எல்லாம் நல்லபடியா போடறேன். அந்த ராத்திரி அதுல வராது."

"டைரக்டர் கேட்டா நான் என்ன சொல்றது?"

"நான் செய்யலன்னு சொல்லுங்க."

அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றார். பக்கத்து மேசைகளில் தட்டச்சு ஓசை ஒவ்வொன்றாக நின்றது.

"விளையாடாதம்மா. நீ செய்யலன்னா வேற ஆளை வெச்சு செய்வாங்க. இந்த மடல் வேலையும் உன்கிட்ட இருக்காது. எழுந்திரு, நானே மாத்திடறேன். நீ செஞ்ச மாதிரி இருக்க வேண்டாம், போதுமா?"

அவர் சொல்வது எல்லாம் சரி. இதை இப்படியே அனுப்பினாலும் நாளைக்கு வேறொருவர் உட்கார்ந்து அடுத்த மடலைப் பழையபடி அடுக்கலாம். அண்ணன் எழுந்து வரப்போவதும் இல்லை. அவளுக்கு எல்லாம் தெரிந்தது. ஆனாலும் உடம்பு நாற்காலியை விட்டு அசையவில்லை.

"இல்ல சார்," என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி. "நான் எழுந்திருக்க மாட்டேன்."