கொலோனிலிருந்து வந்த பேக்ஸ்

முதலிபாளையத்தில் இருந்த பனியன் ஏற்றுமதி அலுவலகத்தில் ரைசாவுக்குத்தான் ஜெர்மன் தெரியும். கண்காட்சிக்காக ஜெர்மனியின் கொலோன் நகருக்குப் போயிருந்த அவள் கணவன் ஆதிப் காலையில் போன் செய்திருந்தான்.

"பாஸ்போர்ட் திருட்டுப் போச்சு. போலீஸ்ல தந்த தாள் பூரா ஜெர்மன். இங்கிலீஷ்ல மாத்திக் கொடு. அடுத்து என்ன பண்றதுன்னும் எழுதியனுப்பு."

பேக்ஸில் வந்த புகார்ப் படிவத்தை அவள் வரிவரியாக மொழிபெயர்த்தாள். பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் எல்லாம் சரி. குற்றம் என்ற கட்டத்தில் திருட்டு என்று இல்லை, வழிப்பறி என்று இருந்தது. அடுத்த வரியைப் படித்ததும் பேனாவைக் கீழே வைத்தாள்: இடது கையில் கத்திக்குத்து, மருத்துவமனையில் தையல்.

உடனே ஆதிப் தங்கியிருந்த ஓட்டலுக்குப் போன் போட்டாள்.

"ஏனுங்க, கையில குத்திப்போட்டாங்களா?"

"அதையுமா எழுதியிருக்காங்க? நீ பயந்துக்குவேன்னு சொல்லலை."

அடுத்துச் செய்ய வேண்டியதை அவள் எழுதிக்கொண்டே படித்துக் காட்டினாள். "பிராங்க்பர்ட்ல நம்ம இந்தியத் தூதரக அலுவலகத்துக்குப் போங்க. போலீஸ் தாள், மொழிபெயர்ப்பு, போட்டோ, விமான டிக்கெட் எல்லாம் கொண்டு போங்க. பழைய பாஸ்போர்ட் நகலை இப்பவே அனுப்பறேன். அங்க விண்ணப்பம் எழுதிக் கொடுத்தா அவசரச் சான்றிதழ் தருவாங்க. அதுல நேரா இந்தியாவுக்கு மட்டுந்தான் வர முடியும். பாரீஸ் வேண்டாம்."

"பாரீஸ்ல பனியன் வாங்கற பயர் காத்திருக்காரே."

"காத்திருக்கட்டுமுங்க. நீங்க ஊட்டுக்கு வாங்க."

நான்காம் நாள் கோவை விமான நிலையத்தில், கட்டுப்போட்ட கையைப் பார்த்த பிறகுதான் ரைசா அழுதாள்.