வலது ஷூவில் இருந்த காகிதம்

என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். ஆன்லைனில் ஷூ வாங்க, சாயங்காலம் கால் வீங்கியிருக்கும்போதே அவரைத் தாள்மேல் நிற்கவைத்து இரண்டு காலையும் அளந்து, பெரிய காலுக்கு சைஸ் போட்டேன். திருப்பி அனுப்பும் விதியையும் முதலிலேயே படித்தேன்: அடிப்பாகம் அழுக்காகக் கூடாது, உள்ளே திணித்த காகிதமும் திரும்பிப் போகவேண்டும்.

பார்சல் வந்ததும் பாயை விரித்தேன்.

"இதுலயே நடங்க. தரையில கால் வச்சீங்க, தொலைச்சுடுவேன்."

நடந்தார். "அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு."

டப்பாவில் ஒரு காகிதம்தான் இருந்தது. மற்றது அவர் கழற்றிய வலது ஷூவின் நுனியில், கல் மாதிரி நசுங்கிக் கிடந்தது.

"இது உறுத்தவே இல்லையா?"

குனிந்து வலது கால் விரல்களைக் கிள்ளினார்; வலிக்காததுபோல இன்னும் அழுத்திக் கிள்ளினார். காகிதத்தை நீவி டப்பாவில் வைத்தேன்.

"டிப்போல யார்கிட்டயும் சொல்லிடாதே," என்றார், பிரேக் மிதிக்கிற காலைப் பார்த்துக்கொண்டே.