பசும்பாலுக்கு நூற்றுப்பதினேழு

ஸ்ரீலக்ஷ்மி மேடத்துக்கு மாணவிகள் மேல் அன்பு உண்டு, நம்பிக்கைதான் கிடையாது. மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் பதினோரு வருடமாக உணவியல் பாடம் நடத்துகிறார். தேர்வு அறையில் ஒருத்தி தும்மினால்கூட அது யாருக்குச் சைகை என்று திரும்பிப் பார்ப்பார். பிள்ளைகளும் அவர் எதிரே தும்மலை அடக்கப் பழகியிருந்தார்கள், பாவம்.

அன்று இறுதியாண்டுச் செய்முறைத் தேர்வு. சீட்டுக் குலுக்கி ஆளுக்கொரு நோயாளியை எடுக்க வேண்டும். அந்த நோயாளிக்கு ஒரு நாளைக்கு எத்தனை கலோரி, எவ்வளவு புரதம் என்று கணக்குப் போட்டு, காலையிலிருந்து இரவு வரைக்குமான உணவுப் பட்டியலை ஒரு மணி நேரத்தில் எழுதித் தர வேண்டும். பிறகு அதில் ஒரு வேளையைச் சமைத்துக் காட்ட வேண்டும். உணவுச் சத்து அட்டவணைப் புத்தகம் நடு மேசையில் கிடக்கும். யாரும் எடுத்துப் பார்க்கலாம், தடையில்லை.

முத்துமீனா அந்தப் புத்தகத்தை ஒரு தடவைகூடத் தொடவில்லை. மேடத்தின் மூக்கு வியர்க்க அது போதாதா?

டி. கல்லுப்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரிலிருந்து முதல் பஸ் பிடித்து வருகிற பெண் அவள். மாதிரித் தேர்வில் பாதிக் கணக்கோடு எழுந்து போனவள். இன்றைக்கோ நாற்பதே நிமிடத்தில் முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு நேர் முன்னால் ரோகிணி, வகுப்பில் முதல் ஆள். போதாக்குறைக்குச் சமையலுக்குத் தராசு வாங்குகிறேன் என்று முத்துமீனா இரண்டு முறை ரோகிணியின் மேசைக்குப் போய் வந்தாள். மடியில் கனம் இருக்கிறவள் இப்படித்தான் அலைவாள் என்று மேடம் மனதுக்குள் எழுதி வைத்துக்கொண்டார்.

பெண்கள் அடுப்பைப் பற்றவைத்ததும், வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் பாலாம்பாள் தாள்களைப் புரட்ட ஆரம்பித்தார். முத்துமீனாவுக்கு வந்த சீட்டு, டயாலிசிஸ் தேவைப்படாத நிலையிலிருக்கும் சிறுநீரக நோயாளி. நூற்றைம்பது சென்டிமீட்டர் உயரத்தில் நூறைக் கழித்து இருக்க வேண்டிய எடை ஐம்பது கிலோ என்று போட்டிருந்தாள். கிலோவுக்கு முப்பத்தைந்து கலோரி வீதம் ஆயிரத்து எழுநூற்றைம்பது. புரதம் கிலோவுக்குப் புள்ளி ஆறு கிராம் வீதம் முப்பது. எல்லாம் சரி. பாலில் வந்து பாலாம்பாளின் பேனா நின்றது.

"பசும்பால் நூறு மில்லிக்கு நூத்திப்பதினேழு கலோரின்னு போட்டிருக்கா. உங்க புத்தகத்துல அறுபத்தேழுதானே இருக்கு? இது எருமைப்பால் கணக்கில்ல?"

அடுத்த தாள் ரோகிணியுடையது. அவளுடைய நோயாளிக்குக் காசநோய், உடம்பு தேற அரை லிட்டர் பசும்பால் எழுதியிருந்தாள். அங்கேயும் அதே நூற்றுப்பதினேழு.

சரியான விடை ரெண்டு பேருக்கு ஒன்றாக இருக்கலாம். தப்பு ஒன்றாக இருந்தால் ஒருத்தி பார்த்து எழுதியிருக்கிறாள் என்பது வாத்தியார் உலகத்தில் வேதவாக்கு. யார் யாரைப் பார்த்தாள் என்பதில் ஸ்ரீலக்ஷ்மிக்குத் துளி சந்தேகமில்லை. நேரே முத்துமீனாவின் அடுப்படிக்குப் போனார்.

"ரோகிணி பேப்பரைப் பாத்தியா?"

"இல்ல மேடம்! எனக்கு அம்புட்டும் மனப்பாடமாத் தெரியும் மேடம். ஒரு மாசமா அதைத்தான் படிச்சேன்."

"தப்பைக்கூடவா மனப்பாடம் பண்ணுன?"

முத்துமீனாவுக்கு என்ன தப்பு என்றே தெரியவில்லை. "மேடம், திருமங்கலத்து ஆஸ்பத்திரியில ஜூன்ல வந்து சேரச் சொல்லியிருக்காங்க மேடம். பாஸானாத்தான் எடுப்பாங்க" என்றாள். மேடத்தின் காதில் அது ஒப்புதல் வாக்குமூலமாகவே விழுந்தது.

மேசைக்குத் திரும்பி முறைகேட்டு அறிக்கைப் படிவத்தை எடுத்தார். அது போனால் முத்துமீனாவின் தேர்வு ரத்து, ஒரு வருடம் போச்சு. பெயர், பதிவெண் எல்லாம் எழுதியாயிற்று. கையெழுத்துதான் பாக்கி.

"இருங்க, மத்தவங்க என்ன எழுதியிருக்காங்கன்னு பாத்துட்டுப் போடலாமே" என்றார் பாலாம்பாள்.

"தாராளமா பாருங்க. அறுபத்தேழுன்னுதான் எழுதியிருப்பாங்க" என்று சொல்லி, ஸ்ரீலக்ஷ்மி தானே சத்யப்ரியாவின் தாளை உருவினார். அவள் அறையின் மறுகோடியில், தூண் மறைவில் உட்கார்ந்தவள். கழுத்து ஒட்டகத்துக்கு இருப்பதுபோல் நீண்டிருந்தாலும் அங்கிருந்து யார் தாளும் தெரியாது. சர்க்கரை நோயாளிக்கு முந்நூறு மில்லி பசும்பால் எழுதியிருந்தாள். எதிரே முந்நூற்றைம்பத்தொரு கலோரி.

மேடம் அவளைக் கூப்பிட்டார். "இந்த முந்நூத்தி அம்பத்தொண்ணு எப்படி வந்துச்சு?"

"நூறு மில்லிக்கு நூத்திப்பதினேழு மேடம். மூணு மடங்கு."

"நூத்திப்பதினேழுன்னு யார் சொன்னது?"

சத்யப்ரியா விழித்தாள். "நீங்க குடுத்த பேப்பர்ல இருக்கே மேடம். புத்தகத்தைப் புரட்டுனா நேரம் பத்தாது, இதை மனப்பாடம் பண்ணிட்டு வாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

ஸ்ரீலக்ஷ்மி தன் கோப்பைத் திறந்தார். அடிக்கடி வருகிற முப்பது உணவுகளை மட்டும் பொறுக்கி, ஆறு வருடத்துக்கு முன்னால் அவரே தட்டச்சு செய்த ஒரு பக்கத் தாள். பசும்பால், நூற்றுப்பதினேழு. அதற்குக் கீழே எருமைப்பால், அறுபத்தேழு. இரண்டு வரியின் எண்களும் இடம் மாறிக் கிடந்தன. திருத்தும்போது மொத்தக் கூட்டலை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர், இத்தனை வருடமும் இதைக் கவனிக்கவே இல்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்?

கோப்பை மூடிவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது, வரவில்லை என்று பொய் சொல்வானேன். பாலாம்பாள் தள்ளித்தான் நின்றார், தாளை இன்னும் பார்க்கவில்லை. ஆனால் அடுப்படியில் முத்துமீனா கண்ணைத் துடைத்துத் துடைத்துக் கிளறிக்கொண்டிருந்தாள். ஸ்ரீலக்ஷ்மிக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. படிவத்தை நாலாகக் கிழித்தார்.

"தப்பு என் பேப்பர்ல இருக்கு மேடம். நான்தான் மாத்தி அடிச்சுக் குடுத்திருக்கேன்" என்று தாளைப் பாலாம்பாளிடம் நீட்டினார்.

பாலாம்பாள் படித்துப் பார்த்துவிட்டு, பால் கணக்குக்கு மட்டும் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஒரு மதிப்பெண் குறைப்பதோடு விட்டுவிடலாம் என்றார். ஸ்ரீலக்ஷ்மி முத்துமீனாவிடம் போய், "உன் மேல தப்பில்லம்மா. நான் அவசரப்பட்டுட்டேன்" என்றார். "சரிங்க மேடம்" என்றாள் அவள், முகத்தைத் திருப்பாமல். அந்த 'சரிங்க மேடம்' மேடத்தைச் சுட்டது.

சாயங்காலம் அறை காலியான பிறகுதான் பெரிய கணக்கு உறைத்தது. ஆறு வருடம், ஆறு வகுப்பு. அதில் எத்தனை பேர் இன்று ஆஸ்பத்திரிகளில் உணவு நிபுணர்கள்! அரை லிட்டர் பாலில் ஐந்நூற்று எண்பத்தைந்து கலோரி சேர்ந்துவிட்டது என்று எழுதினால், உண்மையில் முந்நூற்று முப்பத்தைந்துதான் உள்ளே போகும். இளைத்துக் கிடக்கிற நோயாளிக்குத் தினம் இருநூற்றைம்பது கலோரி குறைகிறது. உடனே போனை எடுத்தார்.

முதலில் இசைவாணியைக் கூப்பிட்டார். மூன்று வருடத்துக்கு முன் படித்து முடித்து, விளாங்குடியில் ஓர் ஆஸ்பத்திரியில் இருப்பவள். எடுத்ததும் விஷயத்தைக் கொட்டினார்.

"அதுவா மேடம்? வேலைக்குச் சேந்த மொத வாரமே கண்டுபிடிச்சுட்டேன். எங்க செட்டு ஆளுக எல்லாத்துக்கும் அப்பவே சொல்லிட்டேன்."

ஸ்ரீலக்ஷ்மிக்குப் போன உயிர் திரும்பியது. "நல்லவேளை! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி? இந்தப் பிள்ளைகளாவது தப்பிச்சிருக்குமே."

"சொல்லலாம்னு ரெண்டு மட்டம் போனை எடுத்தேன் மேடம். தேர்வுல நானும் அதைத்தானே எழுதியிருந்தேன்? அப்ப நீ யாரைப் பாத்து எழுதுனன்னு கேட்டுருவீங்களோன்னு பயந்து வச்சுட்டேன்."