முறுக்கின் மேல் விழுந்த பழி

என் முறுக்கைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை குறைத்துப் பேச நான் விட்டதில்லை. திருப்பதி வடக்கு மாட வீதியில் வஸுமதி முறுக்கு என்றால் வாயில் போட்டதும் கரையும் என்று பெயர். அந்த முறுக்கின் மேல் மூன்று மாதமாகப் பழி போட்டுக்கொண்டிருந்தவர் வேறு யாரும் இல்லை, என்னைக் கைப்பிடித்த சக்ரபாணிதான்.

"கார்த்தால எழுந்தா ராத்திரி பூரா மூட்டை தூக்கின மாதிரி தாடை அசந்து கிடக்கு. எல்லாம் உன் முறுக்குதான், வசு."

"என் முறுக்கைப் பல்லே இல்லாதவா திங்கறா. உங்களுக்கு என்ன கேடு?"

சண்டைக்கு நடுவில் எனக்கு உள்ளூரப் பயமும் இருந்தது. இவர் எங்கள் கோயிலில் பாசுரம் சேவிக்கும் கோஷ்டியில் முன்வரிசைக்காரர். கணீரென்ற குரல். மார்கழியில் வரும் பெரிய உற்சவத்தில் முதல் நாள் முதல் அடியை இவர்தான் எடுக்க வேண்டும் என்று கோஷ்டிக்குப் பெரியவரான சடகோபன் ஸ்வாமி புரட்டாசியிலேயே சொல்லிவிட்டார். இருபத்தெட்டு வருஷம் காத்திருந்து கிடைத்த இடம். ஆனால் விடியற்காலையில் மூன்றாவது பாசுரம் வரும்போதே இவர் கை கன்னத்துக்குப் போய்விடும். ஐப்பசியில் ஒரு நாள், நீளமான அடி ஒன்றின் பாதியில் வாய் அசந்து நின்றுவிட்டார். பக்கத்திலிருந்த ராமானுஜன்தான் எடுத்துக் கொடுத்து முடித்தாராம். அன்றைக்கு அகத்துக்கு வந்தவர் காபியைத் தொடவில்லை.

"உற்சவத்துக்கு ராமானுஜனையே ஆரம்பிக்கச் சொல்லிடலாம்னு பாக்கறேன்" என்றார் சுவரைப் பார்த்துக்கொண்டு.

மறுநாளே முறுக்கு அச்சைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். சீடை கிடையாது, அப்பளம்கூடக் கிடையாது. இரண்டு வாரம் போயிற்று. தாடையில் ஒரு மாற்றமும் இல்லை. உடனே இவர் கட்சி மாறினார். "இத்தனை வருஷம் சேவிச்சு சேவிச்சே தாடை ஓஞ்சு போச்சு போல" என்றார்.

அதற்குள் கார்த்திகை தீபம் வந்தது. தீபம் முடிந்தால் உற்சவம் தொடங்கும்வரை எங்களவர் பாசுரம் சேவிப்பதில்லை. அது வழக்கம். ஆக, வாய்க்கு முழு விடுமுறை. நாலு நாள் சும்மா இருந்து பார்த்தார். காலையில் அதே அலுப்பு. மத்தியானம் ஆனால் ஒன்றுமே இல்லாததுபோல் கொண்டைக்கடலைச் சுண்டலை ஒரு கை பார்க்கிறார். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

"முறுக்கும் இல்லை, சேவையும் இல்லை. பின்னே ராத்திரில உங்க தாடை எங்க வேலைக்குப் போயிட்டு வரது?"

குத்தலாகத்தான் கேட்டேன். ஆனால் விஷயத்தின் முழு விடையும் அந்தக் கேள்விக்குள்தான் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

முதலில் புத்தூருக்குத்தான் ஓடினார். எலும்பு என்றால் எங்கள் பக்கத்தில் வேறு ஊர் யாருக்கு நினைவுக்கு வரும்? அங்கே கட்டுப் போடுகிறவர் தாடையை இப்படியும் அப்படியும் அழுத்திப் பார்த்துவிட்டு, "எலும்புல ஒண்ணும் இல்ல சாமி. பல் டாக்டரம்மாவப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார். கட்டு இல்லாமல் திரும்பியதில் இவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

பவானி நகரில் டாக்டர் ஜமீலாவின் கிளினிக். நகரியில் பிறந்து வளர்ந்த பெண். கையும் வாயும் ஒரே வேகத்தில் ஓடும். இவரை நாற்காலியில் சாய்த்து, இரண்டு கன்னத்திலும் விரல்களை வைத்தாள்.

"பல்லக் கடிங்க சாமி. நல்லா."

கடித்தார். தோலுக்கு அடியில் எலுமிச்சங்காய் அளவுக்கு உருண்டு வந்தது.

"யப்பா, இந்த சதை நல்லா எக்சர்சைஸ் பண்ணிக்கினு கீது. ராத்திரில பல்லக் கடிக்கிறீங்க."

இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "நானா? குழந்தேள்தான் வயத்துல பூச்சி இருந்தா பல்லைக் கடிக்கும். எனக்குக் கோபமே வராதும்மா."

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

"பூச்சிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல சாமி" என்று சொல்லிவிட்டு அவர் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்தாள். "கோரப்பல்லு நுனியப் பாருங்க. கூரா இருக்கணும். உங்களுது தட்டையா, பளபளன்னு கீதா? கீழயும் அதே மாதிரி. இப்ப கீழ்த்தாடைய வலது பக்கமா தள்ளுங்க. இன்னும் கொஞ்சம். அங்கயே நில்லுங்க."

நானும் எட்டிப் பார்த்தேன். கீழ்ப் பல்லின் தட்டை மேல் பல்லின் தட்டையில் குங்குமச் சிமிழ் மூடிபோல் கச்சிதமாக உட்கார்ந்தது.

"முறுக்கு துன்னும்போது இவ்ளோ தூரம் தாடைய இழுப்பீங்களா?"

"மாட்டேன்" என்றார் குரல் இறங்கி.

"அதான். துன்னு தேஞ்ச பல்லு இப்பிடி மேலயும் கீழயும் ஜோடி பொருந்தாது. இது பல்லும் பல்லும் உரசினது. எப்ப உரசிச்சுன்னு பல்லு தேதி சொல்லாது. ஆனா காலைல அலுப்பு, மத்தியானம் சரியாவறது, இந்த சதை, எல்லாத்தையும் சேத்துப் பாத்தா இப்பவும் நடந்துக்கினுதான் கீது." என் பக்கம் திரும்பினாள். "நீங்க சத்தம் கேக்கலயாம்மா?"

"அவர் மூணரைக்கு எழுந்துக்கறவர். கூடத்துல தனியாத்தான் படுப்பார்."

"பக்கத்துல படுத்தாலும் சில பேருக்கு சத்தமே வராது. சும்மா இறுக்கிக் கடிச்சிக்கினே இருப்பாங்க."

எனக்கு எப்படி இருந்தது என்கிறீர்கள்? என் முறுக்கு நிரபராதி! அந்த அறையிலேயே ஒரு சுற்று ஆடியிருப்பேன். ஆனால் இவர் முகம் வாடியிருந்தது. தேய்ந்த பல் மறுபடி வளருமா என்று கேட்டார். வளராது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றாள் ஜமீலா.

பல்லுக்கு அச்செடுத்தாள். மூன்று நாளில் கண்ணாடி போன்ற கெட்டி பிளாஸ்டிக்கில் மேல்பல் வரிசைக்கு ஓர் உறை வந்தது. ஸ்ப்ளின்ட் என்றாள். அதை மாட்டிவிட்டு, நீலத் தாளைக் கடிக்கச் சொல்லி, புள்ளி அழுத்தமாக விழுந்த இடத்தையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவினாள். எல்லாப் பல்லும் ஒரே சமமாகத் தொடும்வரை விடவில்லை.

"இது கடிக்கிறத நிறுத்திடும்னு நெனைக்காதீங்க சாமி. கடிச்சா பல்லுக்குப் பதிலா இது தேயும். பாரமும் ஒரே எடத்துல விழாம பரவிடும். அலுப்பு கொறைய சிலருக்கு ஒரு வாரம், சிலருக்கு மாசக்கணக்கு. பகல்லயும் கவனம் வைங்க, உதடு மூடியிருக்கணும், பல்லு பல்லத் தொடக் கூடாது. கழுவறதுக்குப் பச்சத் தண்ணி போதும். வெந்நீர் ஆவாது."

கடைசி வார்த்தை என் காதில் விழுந்தது. காதில் விழுந்ததெல்லாம் மண்டையில் ஏறுமா என்ன?

முதல் இரண்டு ராத்திரி வாயில் எச்சில் ஊறி ஊறித் தூங்கவில்லை என்று புலம்பினார். நாலாம் நாள் சமாதானமானார். ஆறாம் நாள் காலையில், "வசு, மூட்டை இன்னிக்குக் கொஞ்சம் லேசு" என்றார். அந்த உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மேலெல்லாம் மெல்லிய கீறல்கள். அத்தனையும் அவர் பல்லில் விழுந்திருக்க வேண்டியவை.

அப்போதுதான் என் ஆசாரம் தலைதூக்கியது. ராத்திரி முழுக்க வாயில் கிடந்த வஸ்து. பச்சைத் தண்ணீரில் கழுவி அலமாரியில் வைக்கிறார். என்னால் தாங்க முடியவில்லை. ஏழாம் நாள் அவர் கோயிலுக்குப் போனதும், கொல்லைப்புறத்து அடுப்பில் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு அதைப் போட்டு மூடினேன். குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தவள் அதை மறந்தே போனேன். எடுத்துப் பார்த்தால் வெயிலில் காய்ந்த அப்பளம்போல் ஓரம் வளைந்து கிடந்தது.

கையால் நிமிர்த்திப் பார்த்தேன். நிமிரவில்லை. டப்பாவில் வைத்து மூடிவிட்டு வாயையும் மூடிக்கொண்டேன்.

அன்று படுக்கப்போகுமுன் மாட்டிப் பார்த்தார். ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. என்னை ஒரு பார்வை பார்த்தார், கழற்றி வைத்துவிட்டுப் படுத்தார். இரண்டு நாள் உறை இல்லாமல் போனது. இரண்டாம் நாள் காலையில் கை பழையபடி கன்னத்துக்குப் போய்விட்டது. உற்சவத்துக்கு இன்னும் ஐந்தே நாள்.

"இன்னிக்கு ராமானுஜன்கிட்டச் சொல்லிடறேன்" என்றார்.

"சொல்லக் கூடாது. டாக்டர்கிட்டப் போலாம், கிளம்புங்கோ" என்று செருப்பை எடுத்து முன்னால் போட்டேன். என் குற்றத்தை மட்டும் சொல்ல நா எழவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஜமீலா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வெந்நீர்ல போட்டது யாரு?"

நான் வாயைத் திறந்தேன்.

"நான்தாம்மா" என்றார் இவர். "சூடா இருந்தா நன்னா சுத்தமாகும்னு நினைச்சுட்டேன்."

எங்கள் அகத்து அடுப்பை எந்தப் பக்கம் திருகினால் எரியும் என்றுகூட இவருக்குத் தெரியாது. ஜமீலா அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உதட்டை மடித்துக்கொண்டு அச்செடுக்கும் தட்டை எடுத்தாள். இரண்டு நாளில் புதியது தருவதாகச் சொன்னாள்.

ஆட்டோவில் நான்தான் முதலில் பேசினேன். "ஏன்னா, ஏன் அப்படிச் சொன்னேள்?"

"மூணு மாசம் உன் முறுக்கைத் திட்டினேனே. ஒரு பழியை நான் வாங்கிண்டா குறைஞ்சா போயிடுவேன்?" என்றார். பிறகு, "பயந்துட்டேன் வசு. வாய் போயிடுத்தோன்னு. அதைச் சொல்லத் தெரியாம முறுக்கைச் சொன்னேன்" என்றார்.

நான் வெளியே பார்த்துக்கொண்டேன். அழுகை வந்துவிட்டது. இந்த மனுஷரிடம் எனக்கு இவ்வளவு பிரியம் இருக்கிறது என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது.

புதிய உறை சொன்னபடி வந்தது. அதோடு மூன்று ராத்திரி. முழுசாகச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். உற்சவத்தன்று காலையில் கேட்டதற்கு, "பாதி இருக்கு, பாதி போயிடுத்து. சமாளிப்பேன்" என்றார். ராமானுஜனிடம் ஒன்றும் சொல்லவில்லை.

சந்நிதியில் இரண்டு வரிசையும் உட்கார்ந்தாயிற்று. சடகோபன் ஸ்வாமி இவரைப் பார்த்துத் தலையசைத்தார். நான் தூணோரம் நின்று புடவைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டிருந்தேன். இவர் கண்ணை மூடி, வாயை முழுசாகத் திறந்து, முதல் அடியை எடுத்தார். கோஷ்டி சேர்ந்துகொண்டது. மூன்றாவது பாசுரம் வந்தது, போனது. ஐந்தாவது வந்தது. கை மடியிலேயே இருந்தது.

"என்ன வஸுமதி, கண்ணெல்லாம் ஈரமா இருக்கு?" என்று பக்கத்தில் நின்ற தேவசேனா மாமி கேட்டாள்.

"எங்காத்துக்காரர் என்னமா சேவிக்கறார், பாருங்கோ மாமி" என்றேன்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அதை நான் வாய்விட்டு ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.